ஆயிரமாவது பௌர்ணமி எந்த ராத்திரி வருது?

"ஐயா வணக்கம், தண்டையார்பேட்டைலேர்ந்து எழுதறேன். எங்க நைனாவுக்கு ஆயிரம் பிறை கண்ட சாந்தி பண்ணணும்னு வீட்ல எல்லாருக்கும் ஆசை. ஸ்கூல் சர்டிபிகேட்ல 5-6-1945னு இருக்கு, அதுப்படி போன ஜூன்லயே 80 முடிஞ்சுதுன்னு கேக் வெட்டிட்டோம். இப்ப பீரோ கிளீன் பண்ணும்போது ஆயா எழுதி வெச்ச நோட் கெடச்சுது, அதுல 'பார்த்திப வருசம் கார்த்திகை மாசம் தீபம் முடிஞ்ச ரெண்டாம் நாள் பொதன்கெழம வெளக்கு வெக்கற நேரம் மிருகசீரிசம்'னு இருக்கு. கோயில் அய்யரு 80 வருசம் 8 மாசம் முடிஞ்சதும் பண்ணணும்ங்கறாரு, சர்டிபிகேட் கணக்குல அது பிப்ரவரிலயே தாண்டிப்போச்சு. சித்தப்பா 81 முடியறதுக்குள்ள பண்ணியே ஆகணும்ங்கறாரு. தங்கச்சி பசங்க துபாய்லேர்ந்து மே லீவுக்கு வராங்க, அப்பவே வெச்சிடலாமா? அம்மா நல்லா இருக்காங்க. எந்த நாள் சரின்னு கணக்கோட சொல்லுங்க."

தம்பி வணக்கம். பிப்ரவரி போயிடுச்சேன்னு கவலப்படாதீங்க, உங்க நைனாவுக்கு எதுவுமே இன்னும் தாண்டல, சொல்லப்போனா இன்னும் வரவே இல்ல. ஆனா மே மாசத்துல சதாபிஷேகம் வெக்காதீங்க, அது ரொம்ப முன்னாடி. ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன், பொறுமையா படிங்க, கூடவே உங்க வீட்டு பழைய காலண்டருங்க இருந்தா எடுத்து பக்கத்துல வெச்சுக்கங்க, கடைசில நீங்களே எண்ணி சரிபாத்துக்கலாம்.

மொதல்ல அந்த நோட். அத லேமினேட் கீமினேட் பண்ணாம ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்திரமா வைங்க. நான் திருவொத்தியூர்ல முப்பது வருஷத்துக்கு மேல பஞ்சாங்கம் பாத்து நாள் குறிச்சு குடுக்கறேன், இந்தமாதிரி சுத்தமா எழுதி வெச்ச குறிப்பு பத்து வீட்ல ஒரு வீட்ல கெடச்சா பெருசு. வருஷம், மாசம், கிழமை, நட்சத்திரம், நேரம், அதுக்கும் மேல தீபத்துலேர்ந்து எத்தனாவது நாள், அஞ்சாறு விஷயத்த உங்க ஆயா ஒரே வரில எழுதிட்டாங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் மத்தது காட்டி குடுத்துடும்.

சர்டிபிகேட் தேதிய இந்த விஷயத்துக்கு எடுத்துக்கவே கூடாது. அந்த காலத்துல ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும், பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்பாங்க, அதனால வாத்தியாரே ஜூன் மாசத்துல ஒரு தேதிய போட்டு சேத்துக்குவாரு. மே, ஜூன்ல பொறந்ததா சர்டிபிகேட் வெச்சிருக்கற பெரியவங்கள கேட்டு பாருங்க, பாதிப்பேருக்கு அது பொறந்த தேதியே இருக்காது. எனக்கு இதுல ஒரு பெரிய அடி விழுந்திருக்கு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு குடும்பம் சர்டிபிகேட் ஜெராக்ஸ எடுத்துட்டு வந்தாங்க, நானும் அத வெச்சே நாள் குறிச்சு குடுத்துட்டேன், ஹோமம் நடந்துட்டு இருக்கும்போது பெரியவரோட அக்கா, தொண்ணூறு வயசு இருக்கும், சேர்ல உக்காந்துட்டு 'இவன் மார்கழி மாசம் விடியக்காலைல பொறந்தவனாச்சே, இப்ப எதுக்கு இது'ன்னு கேட்டாங்க. பந்தலே அமைதியாயிடுச்சு. அஞ்சு மாசம் முன்னாடியே பண்ணிட்டோம்னு அப்பறம் தெரிஞ்சுது. அன்னிக்கு அந்த பெரியவர் மொகத்த பாத்ததுலேர்ந்து, வீட்ல இருக்கற மூத்த பொம்பளைங்க கிட்ட கேக்காம நான் யாருக்கும் நாள் குறிக்கறதில்ல.

சரி, ஆயா நோட்டுக்கு வருவோம். பார்த்திப வருஷம்னா 1945 ஏப்ரல்லேர்ந்து 1946 ஏப்ரல் வரைக்கும். அதுல கார்த்திகை மாசம் 1945 நவம்பர் 16ல பொறந்து டிசம்பர் நடுவுல முடியுது. ஒரு நட்சத்திரம் திரும்ப வர 27 நாளுக்கு கொஞ்சம் மேல ஆகும், அதனால சில சமயம் ஒரே மாசத்துல ஒரே நட்சத்திரம் ரெண்டு தடவ வந்து கொழப்பும், ஆனா இந்த மாசத்துல மிருகசீரிஷம் ஒரே ஒரு தடவதான், அடுத்தது வரும்போது மார்கழி பொறந்துடுது. அந்த வருஷம் கார்த்திகை பௌர்ணமி நவம்பர் 19 திங்கக்கெழம ராத்திரி, அன்னிக்கே கிருத்திகை நட்சத்திரமும் சேந்திருந்துது, தீபம் அன்னிக்குத்தான். அதுலேர்ந்து ரெண்டாம் நாள்னா நவம்பர் 21, புதன்கெழம. சாயங்காலம் வெளக்கு வெக்கற நேரத்துல மிருகசீரிஷம் நடக்குது. எல்லாமே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது, அதனால சந்தேகமே வேணாம், உங்க நைனா பொறந்தது 1945 நவம்பர் 21. சர்டிபிகேட்ட விட அஞ்சரை மாசம் சின்னவர்.

இப்ப அய்யரு சொன்ன 80 வருஷம் 8 மாசம். அது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு மீதி எல்லாம் புரிஞ்சிடும். வருஷத்துக்கு 12 பௌர்ணமின்னு வெச்சா 80 வருஷத்துக்கு 960. ஆனா சந்திர மாசம் இருபத்தொம்பதரை நாள்தான், அதனால வருஷத்துக்கு பத்து பதினோரு நாள் மிச்சமாகி, அது சேந்து சேந்து சில வருஷத்துல 13வது பௌர்ணமி ஒண்ணு உள்ள வந்துடும், தெலுங்குக்காரங்க பஞ்சாங்கத்துல அதிக மாசம்னு போடறது இததான், நம்ம தமிழ் மாச கணக்குல ஒரே மாசத்துக்குள்ள ரெண்டு அமாவாசையோ ரெண்டு பௌர்ணமியோ வந்து நிக்கும். ரெண்டரை வருஷத்துக்கு ஒண்ணுன்னு பெரியவங்க முழுசா ஒரு கணக்கு வெச்சாங்க, 80 வருஷத்துக்கு 32. ஆக 960ம் 32ம் 992, இன்னும் 8 வேணும், அதுக்கு 8 மாசம். 80 வருஷம் 8 மாசம் வந்துதா. வாயால சொல்லி மனசுல வெச்சுக்கறதுக்கு அழகான கணக்கு, எந்த பாமரனும் மறக்க மாட்டான்.

ஆனா வானத்துல நெஜமா நடக்கறது ரெண்டரை வருஷத்துக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு வருஷம் எட்டரை மாசத்துக்கு ஒண்ணு. 19 வருஷத்துக்கு 7. அப்ப 80 வருஷத்துக்கு 32 வராது, 29 இல்ல 30தான் வரும். அந்த ரெண்டு மூணு பௌர்ணமி வித்தியாசத்தாலதான், 80 வருஷம் 8 மாசம் முடிஞ்ச அன்னிக்கு யாரா இருந்தாலும் எண்ணி பாத்தா ஆயிரத்துக்கு ரெண்டு மூணு கொறையும். ஆயிரமாவது பௌர்ணமி 80 முடிஞ்சு 9 மாசம் ஒரு வாரத்துக்கு மேல ஆரம்பிச்சு, 10 மாசம் ஒரு வாரத்துக்குள்ள எப்பவாவது வரும். அதுக்கு முன்னாடியும் வராது, பின்னாடியும் போகாது. இதனால அய்யரு சொன்னது தப்புன்னு எடுத்துக்கக்கூடாது தம்பி, அவர் சொன்னது இதுக்கு முன்னாடி பண்ணாதீங்கன்னு போட்ட கோடு, சம்பிரதாயத்துல அதான் கோடு. நாம அந்த கோட்ட மதிச்சுட்டு, எண்ணிக்கையும் நிறையற மாதிரி அதுக்கு அப்பறமா நாள் பாக்கறோம், அவ்ளோதான்.

இப்ப உங்க நைனாவுக்கு எண்ணுவோம். இதுக்கு கம்ப்யூட்டர் வேணாம், ஒரு சின்ன சூட்சுமம் போதும். 19 வருஷத்துக்கு சரியா 235 பௌர்ணமி. 19 வருஷம் முடிஞ்சா பௌர்ணமி கிட்டத்தட்ட அதே இங்கிலீஷ் தேதிக்கே திரும்பி வந்துடும், ரெண்டு மணி நேரம் போல முன்ன பின்ன இருக்கும். நாலு 19 சேந்தா 76 வருஷம், 940 பௌர்ணமி. 1945ல தீபம் நவம்பர் 19னு சொன்னேன்ல, அதுலேர்ந்து 76 வருஷம் கழிச்சு 2021ல பாருங்க, ஊரே மழைல மெதந்துட்டு இருந்த அந்த நவம்பர், திருவண்ணாமலைல மகாதீபம் ஏத்துனது அதே நவம்பர் 19தான். பழைய காலண்டர் இருந்தா எடுத்து பாருங்க, எனக்கு இத பாக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

உங்க நைனா 1945 தீபம் முடிஞ்சு பொறந்தவர், அந்த பௌர்ணமி அவர் கணக்குல கிடையாது. அவரோட மொத பௌர்ணமி அடுத்த மாசம் டிசம்பர் 18 ராத்திரி, மார்கழி பௌர்ணமி. அதுலேர்ந்து எண்ணிட்டே வந்தா 2021 தீபத்தன்னிக்கு வந்த பௌர்ணமி அவருக்கு 940வது. மீதி 60ஐ நீங்களே காலண்டர்ல எண்ணிடலாம். 2021 டிசம்பர்ல ஒண்ணு, 941. 2022ல 12, ஆச்சு 953. 2023ல ஆகஸ்ட் மாசத்துல மட்டும் ரெண்டு வந்து மொத்தம் 13, ஆச்சு 966. 2024ல 12, 978. 2025ல 12, 990. இந்த வருஷம் ஜனவரி 3ல வந்தது 991வது, மார்ச் 3 சந்திர கிரகணத்தன்னிக்கு வந்தது 993வது. மே மாசத்துல 1ஆம் தேதி ஒண்ணு 31ஆம் தேதி ஒண்ணுன்னு ரெண்டு வருது, அத மறக்காம எண்ணுங்க, நெறைய பேரு அங்கதான் ஒண்ண விட்டுடுவாங்க. அப்பறம் ஜூன் 29 ராத்திரி 997, ஜூலை 29 998, ஆகஸ்ட் 28 999. ஆயிரமாவது வர்ற செப்டம்பர் 26, சனிக்கெழம. புரட்டாசி சனிக்கெழமைல பௌர்ணமி.

இங்க ஒரு விஷயத்த நிறுத்தி சொல்லணும். ஆயா 'தீபம் முடிஞ்ச'ன்னு எழுதியிருக்காங்கல்ல, அந்த ஒரு சொல்லுக்கு ஒரு மாசம் வெல. நைனா மூணு நாள் முன்னாடி, நவம்பர் 18ஆம் தேதி பொறந்திருந்தா மறுநா தீபத்து பௌர்ணமியே அவருக்கு மொத பௌர்ணமியா ஆயிருக்கும், அப்ப ஆயிரமாவது ஆகஸ்ட் 28லயே வந்திருக்கும். பொறந்ததுல மூணு நாள் வித்தியாசம், இங்க முப்பது நாளா வந்து நிக்குது. அதனாலதான் மொபைல்ல வர்ற ஆப்ப எல்லாம் நம்பி பத்திரிக்கை அடிக்காதீங்கன்னு சொல்றேன், பல ஆப் மொத்த நாள இருபத்தொம்பதரைல வகுத்து ஒரு தேதி காட்டும், பொறந்தது பௌர்ணமிக்கு முன்னாடியா பின்னாடியான்னு அது பாக்காது. உங்க நைனா தீபத்துக்கு ரெண்டே நாள் பின்னாடி பொறந்ததால அவருக்கு அந்த கணக்கும் ஒரு நாள் ரெண்டு நாள் வித்தியாசத்துல ஒத்துப்போயிடும், ஆனா பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி பொறந்த உங்க சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ அதே ஆப்ல போட்டா ஒரு மாசம் தள்ளி காட்டும்.

பௌர்ணமின்னு சொல்றீங்களே, பேரு ஆயிரம் பிறைன்னு இருக்கேன்னு கேப்பாங்க. மூணாம் பிறைய எண்ணுனாலும் மாசத்துக்கு ஒண்ணுதான், அதனால பெருசா மாறாது. நைனா பொறந்தப்பறம் மொத பிறை 1945 டிசம்பர் மொத வாரத்துல தெரிஞ்சிருக்கும், அப்படி எண்ணுனா ஆயிரமாவது பிறை இந்த செப்டம்பர் 12, 13 சாயங்காலம், விநாயகர் சதுர்த்திக்கு முந்தி வருது. பௌர்ணமிக்கு ரெண்டு வாரம் முன்னாடி. எத எண்ணுனாலும் செப்டம்பர் தாண்டுனா ஆயிரம் நிச்சயமா நெறஞ்சிடுது, அதனால நான் எப்பவும் பௌர்ணமியையே எடுத்துக்கறேன். மேகம் மறச்ச பௌர்ணமி, கைக்கொழந்தையா தூங்கிட்டு இருந்த பௌர்ணமி எல்லாம் சேத்தியான்னும் சிலர் கேப்பாங்க. சேத்திதான். அவர் உசுரோட இருக்கும்போது ஆகாசத்துல வந்த பௌர்ணமிதான் கணக்கு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், எந்த நாள். 80 வருஷம் 8 மாசம் கோடு உங்க நைனாவுக்கு எங்க விழுதுன்னா, கார்த்திகைலேர்ந்து எட்டு மாசம் தள்ளி ஆடி மாசத்துல. இங்கிலீஷ் தேதிப்படி ஜூலை 21. அன்னிக்கு அவர் பாத்திருக்கப்போறது 997 பௌர்ணமி. மே லீவுல பண்ணுனா அந்த கோட்டயும் தொடல, எண்ணிக்கையும் 995ல நிக்கும், ரெண்டு விதத்துலயும் கொறை. பசங்க வர்றாங்கன்னா மே மாசம் நைனாவோட மிருகசீரிஷத்தன்னிக்கு வீட்லயே சின்னதா ஒரு ஆயுஷ் ஹோமம் வெச்சு பேரப்புள்ளைங்கள நமஸ்காரம் பண்ண வைங்க, அதுல எந்த தடையும் இல்ல, ஆனா அத சதாபிஷேகம்னு பேர் வெக்காதீங்க, அம்மாவுக்கு மறு தாலி கட்டறது, சல்லடை வெச்சு கலச தண்ணி ஊத்தறது எல்லாம் அப்ப வேணாம், அது உரிய நாளுக்கு இருக்கட்டும்.

ஆடில யாரும் வெக்கமாட்டாங்க. ஆவணில கோடு தாண்டிடும், ஆனா ஆயிரம் நெறையல. அவரோட மிருகசீரிஷம் ஆவணில செப்டம்பர் மொத வாரத்துல வருது, கோகுலாஷ்டமிய ஒட்டி, தேய்பிறை. ஆயிரமாவது பௌர்ணமி முடிஞ்ச மறுநாள்லேர்ந்து மகாளய பட்சம் ஆரம்பிச்சு அக்டோபர் 10 அமாவாசை வரைக்கும் போகுது, அது முன்னோர்களுக்கான நாள், அதுல இந்த மாதிரி சுபம் வெக்கக்கூடாது. ஐப்பசில ஆயுத பூஜை முடிஞ்சு பௌர்ணமிக்குள்ள ஒரு நாலஞ்சு நாள் வளர்பிறை கெடைக்கும். 81 முடியறதுக்குள்ளன்னு உங்க சித்தப்பா பிடிவாதமா நின்னா அந்த நாலு நாள்ல ஒண்ண எடுத்துக்கலாம், ஆயிரமும் நெறஞ்சிருக்கும், 81ம் முடிஞ்சிருக்காது. ஆனா அது தட்சிணாயனம், அதோட நம்ம பக்கம் அப்பதான் வடகிழக்கு பருவமழை எறங்கும், தண்டையார்பேட்டைல எந்த தெருவுல எவ்ளோ தண்ணி நிக்கும்னு நான் உங்களுக்கு சொல்லத்தேவையில்ல, எண்பது வயசுக்காரர ஈர வேட்டியோட உக்கார வெக்கற விசேஷம் இது.

நான் சொல்ற நாள் தை மாசம். சம்பிரதாயத்துல இந்த சாந்திக்கு கேக்கறது என்னன்னா கோடு தாண்டியிருக்கணும், உத்தராயணமா இருக்கணும், வளர்பிறையா இருக்கணும், முடிஞ்சா அவரோட நட்சத்திரமே அமையணும். 2027 தை மாசத்துல பௌர்ணமி ஜனவரி 22ஆம் தேதி பூசத்துல, தைப்பூசம். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி மிருகசீரிஷம், 19 ராத்திரிலேர்ந்து 20 புதன்கெழம பகல் வரைக்கும் கிட்டத்தட்ட. உத்தராயணம், வளர்பிறை, ஜென்ம நட்சத்திரம், போதாததுக்கு அவர் பொறந்த அதே புதன்கெழம, 1003 பௌர்ணமி பாத்து முடிச்சிருப்பார். இந்த மாதிரி நாலும் சேந்து வர்றது எனக்கு குறிச்சு குடுக்க கெடைக்கறது ரொம்ப அபூர்வம். வளர்பிறை மிருகசீரிஷம் வேணும்னா கார்த்திகைக்கு அப்பறம்தான் வாய்ப்பே, ஏன்னா கார்த்திகைல பௌர்ணமியே கிருத்திகை ரோகிணில விழும், மிருகசீரிஷம் அத தாண்டி தேய்பிறைக்கு போயிடும், மாசம் தள்ள தள்ள பௌர்ணமி நட்சத்திரமும் தள்ளிப்போகும், தைல அது பூசத்துக்கு போயிடறதால மிருகசீரிஷம் வளர்பிறை பக்கம் வந்துடுது.

மணி நேரம் மட்டும் நான் இப்ப உறுதியா சொல்லமாட்டேன். சித்திரைல வர்ற பராபவ வருஷ பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் உங்க அய்யரு எந்த பஞ்சாங்கம் பாப்பாருன்னு கேளுங்க. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் மாற்ற நேரத்துல சில மணி நேரம் வித்தியாசம் வரும், காலைல முகூர்த்த நேரத்துல மிருகசீரிஷம் இருக்கா, இல்ல திருவாதிரைக்கு போயிடுச்சான்னு அதுல பாத்தாதான் தெரியும். ஒரே பஞ்சாங்கத்த பிடிச்சுக்கங்க, நாளுக்கு ஒண்ணு நேரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் கலக்காதீங்க. அது முடிவானப்பறம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுங்க.

சித்தப்பா கிட்ட இப்படி சொல்லுங்க. அந்த 80 வருஷம் 8 மாசம்ங்கறது இதுக்கு கீழ போகாதன்னு சொல்ற எல்லை, மேல அந்த மாதிரி ஒரு பூட்டு போடல. கார்த்திகைல 81 முடிஞ்சு தைல பண்ணுனா ரெண்டு மாசம் தாண்டும், அயனத்துக்காக அத தாண்டி பண்ணுற குடும்பங்கள நான் நெறைய பாத்திருக்கேன், அவரவர் வீட்டு வழக்கம்னு ஒண்ணும் இருக்கு, உங்க வீட்ல முன்ன யாருக்காவது பண்ணியிருந்தா எப்ப பண்ணாங்கன்னு சித்தப்பாவையே கேளுங்க, அதுக்கு மேல நான் பேசமாட்டேன்.

ஆனா ஒண்ணே ஒண்ணு தம்பி, இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன். நைனாவுக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு நீங்க எழுதல. நல்லா நடமாடறார்னா தை வரைக்கும் காத்திருங்க. சுகர், ஹார்ட், அடிக்கடி ஆஸ்பத்திரின்னு இருந்தா உத்தராயணத்துக்காக நாலு மாசம் தள்ளவே தள்ளாதீங்க, கோடு தாண்டுன ஒடனே ஆவணில அந்த மிருகசீரிஷத்தன்னிக்கே பண்ணிடுங்க. தேய்பிறையா இருக்கட்டும், 999ஆ இருக்கட்டும், ஜென்ம நட்சத்திரம் எந்த பட்சத்துல வந்தாலும் ஆயுசுக்கு பண்ற சாந்திக்கு ஆகும். மண்டபம் கூட வேணாம், கூடத்துல நாலு கலசம் வெச்சு பண்ணலாம், இல்ல திருக்கடையூர் போனா அங்க அபிராமி சன்னதில இந்த சாந்திங்க வருஷம் பூரா நடக்குது, ஆனா அவ்ளோ தூரம் கார்ல உக்காந்து வர முடியுமான்னு டாக்டர கேட்டுட்டு கெளம்புங்க.

தை நாள் குறிக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒண்ணு பாத்துடுங்க, நைனாவோட அப்பா அம்மா திதி எந்த மாசம் எந்த பட்சத்துல வருதுன்னு. தை வளர்பிறைல சஷ்டிலேர்ந்து பௌர்ணமிக்குள்ள வந்துதுன்னா எனக்கு சொல்லுங்க, நாள கொஞ்சம் தள்ளி பாக்கணும்.

அப்பறம் அந்த செப்டம்பர் 26, சனிக்கெழம சாயங்காலம். சாந்தி தைலதான்னாலும் அந்த ராத்திரிய சும்மா விட்டுடாதீங்க. நமக்கு கெழக்கு பக்கம் கடலு, பௌர்ணமி நிலா தண்ணிலேர்ந்தே எழும்பி வரும். அன்னிக்கு ஆறு மணிக்கு முன்னாடியே நைனாவையும் அம்மாவையும் ஆட்டோ வெச்சு திருவொத்தியூர் பக்கம் கடலோரமா கூட்டிட்டு வாங்க, முட்டி வலின்னா மொட்ட மாடிலயே சேர் போட்டு கெழக்கு பாத்து உக்கார வைங்க. ஒரு தாம்பாளத்துல பச்சரிசி, வெள்ள பூவு, ஒரு டம்ளர் பால் வெச்சுக்கங்க, அரிசியும் வெள்ளையும் சந்திரனுக்கு உரியது. நிலா சிவப்பா மொதல்ல எட்டிப்பாக்கும், அப்ப அவர் கைல அந்த பூவ குடுத்து போட சொல்லுங்க. மேகம் மறச்சுட்டா கவலப்படாதீங்க, கெழக்கு பாத்தே போடலாம். மறுநா அந்த அரிசிய யாராவது ஒரு வயசானவங்களுக்கு குடுத்துடுங்க. பால நைனாவே குடிக்கட்டும்.

சித்திரை பொறந்தப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம அந்த நோட்டோட வாங்க, நைனாவையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க, ஆயா கையெழுத்த நானும் ஒரு தடவ பாக்கணும்.